பச்சை முகப் பெண்ணும் திறனாய்வாளரும்

‘கிட்ச்’ என்பது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மியூனிக் நகர ஓவிய வணிகரிடையே வழங்கிய கொச்சைச் சொல். விரைந்து வரைந்து மலிவாக விற்கப்பட்ட படங்களை அது குறித்தது. அதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர்களுள் ஒருவர் அமெரிக்கத் திறனாய்வாளர் கிளமென்ட் கிரீன்பர்க். 1939இல் வெளிவந்த அவரது கட்டுரையின் சாரம் இதுவே: உயர்கலை பார்ப்பவரைச் சிந்தித்து உழைக்கச் செய்கிறது, கிட்ச் அவ்வுழைப்பைத் தானே முடித்து, உணர்ச்சியைச் சமைத்துப் பரிமாறிவிடுகிறது.

இக்கூற்றை ஓர் ஓவியத்தின்மீது வைத்துப் பார்ப்போம். ரஷ்யப் பேரரசில் பிறந்த விளாடிமிர் டிரெட்சிகாஃப் 1930களில் நம் சிங்கப்பூரில் விளம்பர ஓவியராக இருந்தவர். போருக்குப்பின் தென்னாப்பிரிக்காவில் குடியேறினார். கேப் டவுனில் ஒரு சலவைக்கடையில் பணிபுரிந்த சீனப் பெண்ணை மாதிரியாகக் கொண்டு 1950களின் தொடக்கத்தில் அவர் வரைந்ததே ‘சீனப் பெண்’. நீலப்பச்சை முகம், சிவந்த இதழ்கள், மஞ்சள் பட்டாடை. அதன் அச்சுப்படிகள் பல நாடுகளில் பல்பொருள் அங்காடிகள் வழியே விற்பனையாகி, எளிய குடும்பங்களின் வரவேற்பறைச் சுவர்களை அடைந்தன. திறனாய்வாளரோ அதை இழிசுவையின் இலக்கணமாகவே காட்டினர்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அசல் ஓவியத்தை அமெரிக்கப் பெண்மணி ஒருவர் 1950களிலேயே வாங்கிச் சென்றார். அது நெடுங்காலம் அவர் குடும்பத்திடமே இருந்தது. ஆகவே உலகம் அறிந்தது அச்சுப்படியைத்தான். பழிப்புரைகளில் ஒரு பகுதி ஓவியத்தைப் பற்றியதன்று. அது தொங்கிய சுவரையும் அதை வாங்கிய மக்களையும் பற்றியது. எந்தப் பழிப்புரையைப் படித்தாலும், அதில் வண்ணம், கோடு, அமைப்பு குறித்து ஒரு சொல்லேனும் உண்டா என்று தேடிப் பார்த்தால் இவ்வேறுபாடு புலப்படும்.

ஓவியத்தையே நோக்குவோம். முகம் முழுமையாகத் தீட்டப்பட்டிருக்க, ஆடையின் கீழ்ப்பகுதி வெறும் கோட்டுருவாக விடப்பட்டுள்ளது. அதை நிறைவு செய்வது நம் கண்ணே. அவள் பார்வை தாழ்ந்திருக்கிறது. துயரமா, சலிப்பா என்று ஓவியம் உரைக்கவில்லை. கிரீன்பர்க்கின் அளவுகோல் இங்கே முற்றிலும் பொருந்துவதாக நமக்குத் தோன்றவில்லை. இதனால் குறையே இல்லை என்பதன்று. சலவைக்கடையில் உழைத்த ஒரு பெண்ணைக் கீழைநாட்டுக் கற்பனைப் பதுமையாக்கியது வலுவான குற்றச்சாட்டு; இழிசுவை என்ற வசையைவிட அதுவே விவாதிக்கத் தக்கது.

2011இல் கேப் டவுன் தேசியக் கலைக்கூடம் டிரெட்சிகாஃபுக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது. ஓவியர் மறைந்து அப்போது 5 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2013இல் லண்டன் ஏலத்தில் ‘சீனப் பெண்’ ஏறத்தாழ 982,000 பவுண்டுக்கு விலைபோனது. விலை தரத்துக்குச் சான்றாகாது. ஆனால் முன்பு அங்காடி விற்பனையைத் தரக்குறைவுக்குச் சான்றாகக் காட்டியவர்கள் இதற்கும் விடை சொல்ல வேண்டியவராகின்றனர்.