கடலடியில் வரிவரியாக ஒரு பதிவேடு

1962-ல் ‘ஓவன்’ என்ற பிரிட்டிஷ் அளவைக் கப்பல், இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே கடலடியில் ஓடும் கார்ல்ஸ்பெர்க் முகட்டுக்கு மேலே காந்தமானியை இழுத்துச் சென்றது. அந்த அளவீடுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தவர் டிரம்மண்ட் மேத்யூஸ். அவற்றைக் கணினியில் அலசியவர் அவருடைய ஆராய்ச்சி மாணவர் ஃபிரெட் வைன். அடுத்தடுத்து இருந்த இரண்டு கடலடி மலைகள் வைனைத் திகைக்க வைத்தன. ஒன்றின் பாறை இன்றைய புவிக்காந்தத்தின் திசையிலேயே காந்தமேறியிருந்தது. பக்கத்து மலையிலோ ஏறத்தாழ நேரெதிர்த் திசை.

பாறை எப்படிக் காந்தமாகிறது? எரிமலைக் குழம்பில் மேக்னடைட் என்னும் இரும்புத்தாதுவின் நுண்துகள்கள் உண்டு. சூடு சுமார் 580 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது, அந்த நேரத்தில் பூமியின் காந்தப்புலம் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசை அத்துகள்களில் பதிந்து உறைந்துவிடுகிறது. பிரான்சில் 1906-ல் பெர்னார் புரூன், காந்தம் தலைகீழாகப் பதிந்த பாறையைக் கண்டார். ஜப்பானின் மோட்டோனோரி மத்துயாமா, பழைய பாறைகளில் தலைகீழ்க் காந்தமும் இளைய பாறைகளில் இன்றைய திசையும் இருப்பதை 1929-ல் எடுத்துச் சொன்னார். பாறையில் கோளாறு இல்லை, பூமியின் காந்தமே திசை மாறியிருக்கிறது என்பது அவர் முடிவு.

அது ஏன் மாறுகிறது? நம் காலுக்குக் கீழே சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் பூமியின் வெளிக்கரு தொடங்குகிறது. அங்கே இருப்பது உருகிய இரும்பு. உள்ளிருக்கும் வெப்பம் அதை மேலும் கீழும் புரட்டுகிறது, பூமியின் சுழற்சி அந்த ஓட்டத்தை முறுக்குகிறது. ஏற்கெனவே உள்ள காந்தப்புலத்துக்குள் இந்த உலோகம் ஓடும்போது மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மின்னோட்டம் மறுபடி காந்தப்புலத்தை வளர்க்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த இயக்கத்துக்கு வடக்கு, தெற்கு என்ற பாகுபாடே கிடையாது. எந்தத் திசையில் புலம் அமைந்தாலும் அதே விதிகளின்படி ஒரேபோல நீடிக்கும். கொந்தளிப்பில் ஆங்காங்கே எதிர்த்திசைத் திட்டுகள் முளைக்கின்றன, பெரும்பாலும் அழிந்துபோகின்றன. அரிதாக அவை பரவிவிட்டால் முதன்மைப் புலம் மெலிகிறது. மீண்டும் வலுப்பெறும்போது எதிர்த்திசையில் எழக்கூடும். 1995-ல் கிளாட்ஸ்மையரும் ராபர்ட்ஸும் கணினியில் அமைத்த மாதிரிப் பூமியில், வெளித்தூண்டுதல் எதுவும் இல்லாமலே இப்படி ஒரு தலைகீழ் மாற்றம் நடந்தது.

இதற்குக் கால அட்டவணை கிடையாது. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகள் காந்தம் திசை மாறவே இல்லை. கடைசி மாற்றம் நடந்து சுமார் 7,80,000 ஆண்டுகள் ஆகின்றன.

வைனும் மேத்யூஸும் இந்தத் தகவலை ஹாரி ஹெஸ்ஸின் கருத்தோடு இணைத்தார்கள். நடுக்கடல் முகடுகளில் புதிய தரை பிறந்து இருபுறமும் விலகிச் செல்கிறது என்றார் ஹெஸ். அப்படியானால் முகட்டில் குளிரும் ஒவ்வொரு பட்டையும் தன் காலத்துக் காந்தத்தை ஏந்திக்கொண்டு நகர வேண்டும். அமெரிக்காவின் மேற்குக் கடலில் 1955-ல் அளவெடுத்தபோது கிடைத்த வரிக்குதிரைக் கோலத்துக்கு இப்போது காரணம் தெரிந்தது. 1963-ல் அவர்களுடைய கட்டுரை வெளியானது. கனடாவின் லாரன்ஸ் மோர்லி அதே விளக்கத்தைத் தனியாகக் கண்டடைந்து எழுதியும், இரண்டு ஆய்விதழ்கள் அவர் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டன. இந்தக் கருதுகோளுக்கு மூவரின் பெயரும் சேர்த்து வழங்குவதே நியாயம்.

பலர் அப்போதும் நம்பவில்லை. அந்த வரிகளை நேரடியாகக் கண்ணால் பார்க்க முடியாது. கடல்மட்டத்தில் அளக்கும் மொத்தக் காந்தத்தில் அவற்றால் வரும் ஏற்ற இறக்கம் சுமார் ஒரு விழுக்காடுதான். தரை மெதுவாக விரியும் இடங்களில் பட்டைகள் குறுகலாகி, சில கிலோமீட்டர் நீருக்கு மேலிருந்து அளக்கும்போது ஒன்றோடொன்று மங்கிக் கலந்துவிடும். கார்ல்ஸ்பெர்க் முகடு அப்படிப்பட்ட ஒன்று.

ஐயத்தைத் தீர்த்தது தென் பசிபிக். அங்கே வேகமாக விரியும் முகட்டைக் குறுக்கே கடந்த ‘எல்டானின்’ கப்பலின் பத்தொன்பதாவது பதிவை 1966-ல் வால்டர் பிட்மன் வெளிக்கொணர்ந்தார். வரைபடத்தை நடுவில் மடித்தால் ஒரு பக்கம் மறுபக்கத்தின் மேல் படியும் அளவுக்குச் சமச்சீர்! நிலத்து எரிமலைப் பாறைகளின் வயதைப் பொட்டாசியம்–ஆர்கான் முறையில் கணித்துத் தயாரித்த கால வரிசையும் அதோடு ஒத்துப்போனது. பட்டை தன் வயதைத் தானே சொல்லாது, அதை நிலத்துப் பாறைதான் சொல்ல வேண்டும் என்பதால் இந்தப் பொருத்தம் முக்கியமானது.

அந்த முகட்டிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி, கடைசித் தலைகீழ் மாற்றத்தின் எல்லை இருக்கிறது. 35 கிலோமீட்டரை 7,80,000 ஆண்டுகளால் வகுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 4.5 சென்டிமீட்டர். இது ஒரு பக்கத்தின் வேகம். மறுபக்கமும் அதே அளவு விலகுவதால் பசிபிக் தரை அங்கே ஆண்டுக்குச் சுமார் 9 சென்டிமீட்டர் அகலமாகிறது.

இந்தப் பதிவேட்டுக்கு ஓர் எல்லை உண்டு. பழைய கடல்தரை ஆழ்கடல் அகழிகளில் அமிழ்ந்து பூமிக்குள் திரும்பிவிடுகிறது. பெருங்கடல்களில் இன்று பரவலாக எஞ்சியுள்ள தரையில் மிகப் பழையதற்கே வயது சுமார் 18 கோடி ஆண்டுகள்தான். அதற்கு முந்தைய காந்த வரலாற்றைக் கண்டங்களின் பாறைகளில்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.