வில்லும் நாணும் அம்பும்

வில்லாளி ஒருவன் வில்லின் இரு முனைகளையும் இணைத்து நாணேற்றுகிறான். வளைந்து நிற்கும் மரம் வில். இரு முனைகளையும் நேராக இணைக்கும் கயிறு நாண். நாணை இழுப்பதற்கு முன் அதன் நடுவில் அம்பை வைத்தால், அம்பு நாணுக்குச் செங்குத்தாக நின்று வில்லின் நடுவைத் தொடும். வட்டத்தின் பரிதியில் ஒரு பகுதியை வெட்டியெடுத்துப் பாருங்கள். இதே உருவம் தோன்றும். வளைந்த பகுதி வட்டவில் ஆகும். அதன் இரு முனைகளையும் சேர்க்கும் நேர்கோடு நாண் ஆகும். நாணின் நடுவிலிருந்து வில்லின் நடுவரை உள்ள செங்குத்துத் தொலைவுக்கு அம்பு என்று பெயரிடுவது நம் நாட்டுப் பழைய கணித மரபு. இப்பாடத்தில் நாமும் அப்பெயரையே வழங்குவோம்.

வட்டவில்லைத் தரையில் வரைய எளிய வழி ஒன்று யாவரும் அறிந்ததே. மையத்தில் ஒரு முளையை அடித்து, ஆரத்தின் அளவுக்குக் கயிறு கட்டி, மறுமுனையில் கூரிய குச்சியைப் பிடித்துச் சுற்றி வந்தால் போதும். ஆனால் மையத்தை அணுக முடியாத இடத்தில் என் செய்வது?

பள்ளி ஒன்றின் முன்புறத்தில் வளைந்த குட்டைச்சுவர் ஒன்று எழுப்ப வேண்டும் என்று கொள்வோம். வரைபடத்தில் இரண்டே அளவுகள் தரப்பட்டுள்ளன. ஆரம் 15 மீட்டர். மையக் கோணம் 40 பாகை. கொத்தனார் மையத்தைத் தேடிச் செல்கிறார். அதுவோ வேலிக்கு அப்பால் உள்ள குளத்தின் நடுவே அமைகிறது. அங்கே முளை அடிப்பது எங்ஙனம்? கயிற்றை இழுத்துச் சுற்றுவதுதான் எங்ஙனம்? எனவே மையத்தை நாடாமல், சுவர் எழும் இடத்திலேயே நின்று வில்லை வரைதல் வேண்டும். அதற்கு நாணின் நீளமும் அம்பின் நீளமும் தெரிந்தால் போதும்.

இவ்விரண்டையும் கண்டுபிடிக்கும் வழி யாது? ஒரு தாளில் வில்லையும் நாணையும் வரைந்து, மையத்திலிருந்து வில்லின் இரு முனைகளுக்கும் இரண்டு ஆரங்களை இழுங்கள். ஒரு முக்கோணம் கிடைக்கும். இனி மையத்திலிருந்து வில்லின் நடுவுக்கு மூன்றாவது ஆரம் ஒன்றை இழுங்கள். அது நாணைச் சரிபாதியாக வெட்டும். மையக் கோணத்தையும் சரிபாதியாக வெட்டும். ஒரு முக்கோணம் இரண்டு செங்கோண முக்கோணங்களாகப் பிரிந்துவிட்டது. அவற்றுள் ஒன்றை மட்டும் நோக்குவோம். அதன் கர்ணம் ஆரம். மையத்தில் உள்ள கோணம் பாதிக் கோணம். அக்கோணத்துக்கு எதிரே இருப்பது பாதி நாண். ஆகவே ஆரத்தைப் பாதிக் கோணத்தின் சைனால் பெருக்கினால் பாதி நாண் கிடைக்கும். அதனை இரட்டித்தால் முழு நாண்.

நாண் = 2 × ஆரம் × சைன் (பாதிக் கோணம்)

அம்பையும் அதே முக்கோணம் காட்டுகிறது. மையத்திலிருந்து நாண் வரை உள்ள தொலைவு, ஆரத்தைப் பாதிக் கோணத்தின் கோசைனால் பெருக்கிய அளவாகும். மையத்திலிருந்து வில் வரை உள்ள தொலைவு முழு ஆரம். பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் எஞ்சுவதே அம்பு.

அம்பு = ஆரம் − ஆரம் × கோசைன் (பாதிக் கோணம்)

நம் சுவருக்கு இவற்றைப் பயன்படுத்துவோம். மையக் கோணம் 40 பாகை. எனவே பாதிக் கோணம் 20 பாகை. அட்டவணையில் 20 பாகையின் சைன் 0.3420; கோசைன் 0.9397. நாண் 2 × 15 × 0.3420, அதாவது 10.26 மீட்டர். மையத்திலிருந்து நாண் வரை உள்ள தொலைவு 15 × 0.9397, இது 14.095 மீட்டர் எனக் கொள்ளலாம். அதனை 15 மீட்டரிலிருந்து கழிக்க, அம்பு 0.905 மீட்டர், அதாவது 90.5 சென்டிமீட்டர்.

பாதி நாணையும் பாதிக் கோணத்தையும் கொண்டு கணக்கிடும் இம்முறை புதியதன்று. ஆரியபட்டர் கி.பி. 499-ஆம் ஆண்டைக் குறிப்பிடும் தம் 'ஆரியபட்டீயம்' என்னும் நூலில், கோணங்களுக்குரிய பாதி நாண்களைத் தரும் பட்டியல் ஒன்றை அமைத்துள்ளார். நாணைக் குறிக்கும் 'ஜ்யா', 'ஜீவா' என்னும் வடசொற்கள் அரபு மொழிக்குச் சென்று 'ஜிபா' ஆயின. பிற்காலத்தார் அதனை 'ஜைப்' என்று பிறழப் படித்தனர். ஆடையின் மடிப்பு என்பது அச்சொல்லின் பொருள். அப்பொருளுடைய 'சைனஸ்' என்னும் இலத்தீன் சொல்லால் அதனை மொழிபெயர்த்தனர். அதிலிருந்து வந்ததே 'சைன்'. ஆகவே சைன் என்று நாம் சொல்லும்போதெல்லாம், வில்லின் பாதி நாணையே சொல்கிறோம்.

இக்கணக்கில் பலர் இடறும் இடமும் அந்தப் 'பாதி'யே. கோணத்தைப் பாதியாக்க மறந்து, 40 பாகையின் சைனையே எடுத்துவிடுவர். அப்போது நாண் 19.28 மீட்டர் என்றும், அம்பு 3.51 மீட்டர் என்றும் விடை வரும். இது பிழை என்பதை எப்படி அறிவது? வில்லின் நீளத்தைக் காணுங்கள். முழு வட்டத்தின் பரிதி 2 × 3.1416 × 15, அதாவது 94.25 மீட்டர். 360 பாகையில் 40 பாகை ஒன்பதில் ஒரு பங்கு. எனவே வில்லின் நீளம் 10.47 மீட்டர். இரு புள்ளிகளுக்கு இடையே நேர்வழியே குறுகியது. வளைந்த வழி நீண்டது. ஆதலால் நாண் ஒருபோதும் வில்லைவிட நீளமாக இருக்க இயலாது. 19.28 மீட்டர் நாண் 10.47 மீட்டர் வில்லில் எங்ஙனம் பொருந்தும்? நம் விடையான 10.26 மீட்டரோ வில்லைவிடச் சற்றே குறைவு. அதுவே பொருத்தமானது.

இனித் தரைக்கு வருவோம். 10.26 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளைகளை அடித்து, அவற்றிடையே நூலைத் தொய்வின்றி இழுத்துக் கட்டுக. நூலின் நடுவை அளந்து குறித்து, அங்கே மூலைமட்டத்தை வைத்து, குளத்துக்கு எதிர்ப்புறமாகச் செங்குத்தாக 90.5 சென்டிமீட்டர் அளந்து மூன்றாவது முளையை அடிக்க வேண்டும். அது வில்லின் நடு. அம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டதா என்பதை அறிய, நடு முளையிலிருந்து இரு முனைகளுக்கும் உள்ள தொலைவுகளை அளந்து பார்க்க வேண்டும். இரண்டும் சமமாக இருத்தல் வேண்டும். இங்கே ஒவ்வொன்றும் 5.21 மீட்டர்.

மூன்று புள்ளிகள் சுவர் கட்டப் போதா. ஆனால் இந்த 5.21 மீட்டர்க் கோடு நமக்கு வேறோர் உதவியும் செய்கிறது. அது வில்லின் ஒரு பாதிக்கு நாணாக அமைந்துள்ளது. அப்பாதி வில்லின் மையக் கோணம் 20 பாகை. அதன் பாதிக் கோணம் 10 பாகை. 10 பாகையின் கோசைன் 0.9848. மேலே கண்ட வழியில் கணக்கிட்டால் புதிய அம்பு 0.228 மீட்டர், அதாவது 22.8 சென்டிமீட்டர். இரு பாதி நாண்களின் நடுவிலும் இவ்வளவு வெளியே அளந்தால் மேலும் இரண்டு புள்ளிகள் கிடைக்கும். மீண்டும் ஒரு முறை பாதியாக்கினால் அம்பு 5.7 சென்டிமீட்டராகும், அதனால் இன்னும் நான்கு புள்ளிகள். இப்போது ஒன்பது முளைகள் நிற்கின்றன. அடுத்தடுத்த முளைகளுக்கு இடையே வில் தன் நாணை விட்டு விலகுவது ஏறத்தாழ ஒன்றரைச் சென்டிமீட்டரே. முளைகளை ஒட்டி மெல்லிய மூங்கில் பிளாச்சு ஒன்றை வளைத்து வைத்துச் சுண்ணாம்புத் தூளைத் தூவினால், கொத்தனாருக்கு வேண்டிய கோடு கிடைத்துவிடும்.

அம்புகளின் அளவுகளை ஒருங்கே நோக்குங்கள்: 90.5, 22.8, 5.7. கோணம் பாதியாகுந்தோறும் அம்பு ஏறக்குறைய கால்பங்காகிறது. சிறு கோணங்களில் இவ்வழியை நம்பலாம். அரைவட்டம் போன்ற பெரிய வில்லில் இது பொருந்தாது. அரைவட்டத்தின் அம்பு முழு ஆரம். அதன் பாதி வில்லின் அம்போ ஆரத்தில் 0.293 பங்கு. இது கால்பங்கைவிட மிகுதி அன்றோ?

இங்கே மறைந்திருக்கும் இடர் ஒன்றையும் கூறுதல் வேண்டும். சிறு கோணங்களின் கோசைன் ஒன்றை மிகவும் நெருங்கி நிற்கும். 10 பாகையின் கோசைன் 0.9848 என்பதை ஒருவர் 0.98 என்று சுருக்கிக்கொண்டார் என்க. அம்பு 15 − 14.70, அதாவது 0.30 மீட்டர் என வரும். உண்மையான அளவோ 22.8 சென்டிமீட்டர். சிறு சுருக்கத்தால் ஏழு சென்டிமீட்டருக்கு மேல் பிழை நேர்ந்துவிட்டது. ஏறத்தாழச் சமமான இரு பெரிய எண்களைக் கழிக்கும்போது, அவற்றில் உள்ள சிறு பிழை விடையில் பெரும் பிழையாகிவிடுகிறது. ஆதலால் கோசைனை நான்கு தசம இடங்களுக்குக் குறையாமல் எடுத்தல் வேண்டும்.

இப்பிழையைக் கண்டுகொள்ள ஆரியபட்டர் கூறிய விதி ஒன்று துணை நிற்கும். வட்டத்தின் விட்டத்தை நாண் இரு அம்புகளாகப் பிரிக்கிறது. அவ்விரண்டின் பெருக்கற்பலன் பாதி நாணின் வர்க்கத்துக்குச் சமம். நம் 5.21 மீட்டர் நாணில் பாதி 2.605, அதன் வர்க்கம் 6.79. சிறிய அம்பு 0.228 எனில், 30 மீட்டர் விட்டத்தில் எஞ்சிய பெரிய அம்பு 29.772. இரண்டையும் பெருக்க 6.79 வருகிறது. அம்பு 0.30 என்று கொண்டாலோ 0.30 × 29.70, அதாவது 8.91. இரண்டும் ஒவ்வாமையால் பிழை வெளிப்படுகிறது.

ஆயினும் இவ்விதி ஒன்றையே நம்புதல் கூடாது. கோணத்தைப் பாதியாக்க மறந்தவரின் விடைகளை இதில் இட்டுப் பாருங்கள். பாதி நாண் 9.64, அதன் வர்க்கம் ஏறத்தாழ 93. அம்புகள் 3.51, 26.49; அவற்றின் பெருக்கற்பலனும் 93. விதி பொருந்துகிறது, விடையோ பிழை! காரணம் என்ன? அந்த நாணும் அம்பும் அதே வட்டத்தைச் சேர்ந்தவைதாம். ஆனால் அவை 80 பாகை வில்லுக்கு உரியவை. வட்டம் சரியா என்பதை மட்டுமே இவ்விதி சொல்லும். கேட்ட வில் அதுதானா என்பதைச் சொல்லாது. அதனை வில்லின் நீளமே சொல்லும். ஆகவே இரண்டு சோதனைகளையும் செய்த பின்னரே முதல் முளையை அடித்தல் வேண்டும். தாளில் நேர்ந்த பிழையை ஒரு கோட்டால் அழித்துவிடலாம். செங்கல்லும் சுண்ணமுமாய் எழுந்துவிட்ட சுவரை இடித்துத்தான் திருத்த வேண்டும்.