கொத்துரொட்டி வானுக்கு எந்த வான்?

நம் இளைஞர் குழுவில் மூன்று நான்கு பேராவது உணவு வான் ஒன்று போடும் யோசனையில் இருக்கிறார்கள். ஒருவர் கொத்துரொட்டி என்கிறார், இன்னொருவர் தோசை, மற்றவர் ரோல்ஸும் தேநீரும். எல்லோரும் கைபேசியில் முதலில் காட்டுவது வான் விளம்பரம்தான். "அக்கா, இது நல்ல மலிவு, எடுக்கலாமா?" என் கணவரும் அவருடைய தம்பியும் சில வருடங்களாக லண்டனின் ஓரத்தில் கொத்து வான் நடத்துகிறார்கள். வார்டில் எனக்கு ஓய்வு கிடைக்கும் சனிக்கிழமைகளில் நானும் அதில் நிற்கிறேன், கணக்கும் என் கையில்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வானைக் கடைசியாகப் பாருங்கள். எங்கே நிற்கப் போகிறீர்கள், எதில் சமைக்கப் போகிறீர்கள், அதெல்லாம் எவ்வளவு பாரம் வரும் என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு, எந்த வான் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

முதலில் இடம். இங்கிலாந்தில் இரண்டு அனுமதிகளைப் பலர் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறார்கள். ஒன்று உணவுத் தொழில் பதிவு. வானை இரவில் எங்கே நிறுத்தி வைக்கிறீர்களோ அந்தக் கவுன்சிலில், விற்பனை தொடங்குவதற்குக் குறைந்தது 28 நாட்களுக்கு முன் பதிய வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை, மறுக்கவும் மாட்டார்கள். மற்றது தெரு வியாபார அனுமதி. அது நிற்கும் இடத்தின் கவுன்சில் கொடுப்பது. கட்டணமும் விதியும் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும், மறுக்கவும் செய்வார்கள். தனியார் காணி என்றால் தேவையில்லை என்று நம்பிவிடாதீர்கள். காசு கொடுக்காமல் பொதுமக்கள் நடந்து வரக்கூடிய இடமானால் அதையும் "தெரு" என்று சட்டம் கணக்கில் எடுக்கலாம். நம் ஆலயக் கார் தரிப்பிடத்தில் வாராவாரம் விற்பதாக இருந்தாலும் முதலில் கவுன்சிலுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். இரவு 11 மணிக்குப் பின் சூடான சாப்பாடு விற்பதற்கு இன்னொரு லைசென்ஸ் வேண்டும். படம் முடிந்து வரும் கூட்டத்தை நம்பியிருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

இது வானோடு எப்படிச் சேர்கிறது? சந்தை நடத்துபவர்கள் இடத்தின் நீளத்தை அளந்துதான் கொடுப்பார்கள். ஜெனரேற்றர் கூடாது என்று சிலர் சொல்வார்கள், மின்சாரம் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். லண்டனுக்குள் ஓடுவதானால் காற்று மாசு வலயமும் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 29 முதல் அது லண்டன் பெருநகரின் எல்லாப் பகுதிகளுக்கும் வந்துவிட்டது. டீசல் வான் யூரோ 6 தரத்தில் இல்லையென்றால், ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் 12 பவுண் 50 பென்ஸ். வருடத்தில் நூறு நாள் ஓடினால் 1,250 பவுண். விளம்பரத்தில் மலிவாகத் தெரிந்த பழைய வானின் விலையோடு அதையும் கூட்டிப் பாருங்கள். வானின் இலக்கத்தைக் கொடுத்தால் போக்குவரத்துத் துறையின் இணையப் பக்கமே கட்டணம் உண்டா இல்லையா என்று சொல்லிவிடும்.

அடுத்தது மின்சாரம். இங்கே ஒரு சின்னக் கணக்கு எல்லாவற்றையும் தீர்த்துவைக்கும். வீட்டுச் சுவரில் இருக்கும் 13 ஆம்ப் பிளக் ஏறத்தாழ 3,000 வாற்ஸ்தான் தரும். சந்தைகளில் தரும் நீல நிற 16 ஆம்ப் இணைப்பு சுமார் 3,600. மின்சாரக் கொத்துக்கல் ஒன்றே 3,000 வாற்ஸ் கேட்கும். அதோடு தேநீருக்குக் கேத்திலைப் போட்டால் எல்லாம் அணைந்துவிடும். ஆகவே சூடு வேண்டிய வேலை காஸுக்கு, குளிரும் வெளிச்சமும் காற்றும் மின்சாரத்துக்கு என்று பிரித்துக்கொள்வதுதான் கொத்து வானுக்குப் பொருந்தும்.

அப்படிப் பிரித்தபின் மிஞ்சும் மின்சாரத் தேவை ஆச்சரியமாகக் குறைவு. 150 வாற்ஸ் பிரிட்ஜ் கோடையில் பாதி நேரம் ஓடும் என்று வைத்தால் ஆறு மணித்தியாலத்துக்கு 450. புகை உறிஞ்சும் விசிறி 150 வாற்ஸ், ஐந்து மணித்தியாலத்துக்கு 750. விளக்குகளுக்கு 200, தண்ணீர்ப் பம்புக்கும் அட்டை இயந்திரத்துக்கும் 60. மொத்தம் 1,460 வாற்-மணி. பற்றறி மின்சாரத்தை இன்வேட்டர் வீட்டு மின்சாரமாக மாற்றும்போது கொஞ்சம் வீணாகும், அதையும் சேர்த்து 1,700 என்று வையுங்கள். 12 வோல்ட் 200 ஆம்ப்-மணி லித்தியம் பற்றறி ஒன்றில் 2,400 இருக்கும், அதில் 2,000 அளவு தாராளமாக எடுக்கலாம். ஒன்றே போதும். ஆனால் இன்வேட்டரைச் சின்னதாக வாங்காதீர்கள். பிரிட்ஜின் மோட்டார் தொடங்கும் அந்த ஒரு நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு இழுக்கும். சந்தையில் நிற்கும்போது பிரிட்ஜ் அடிக்கடி "டிக்" என்று நின்று நின்று தொடங்கினால் காரணம் பெரும்பாலும் இதுதான். 2,000 வாற்ஸ் இன்வேட்டர் வைத்தால் அந்தத் தொல்லை இராது. கை கழுவும் சுடுதண்ணீரை வீட்டிலேயே சுடவைத்து, சூடு காக்கும் தாங்கியில் எடுத்துப் போங்கள். பற்றறியில் தண்ணீர் சுடவைப்பது நட்டம்.

ஈய அமிலப் பற்றறி மலிவுதான். ஆனால் அதில் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் கெட்டுவிடும். அதே 2,000-ஐ அதிலிருந்து எடுக்க 100 கிலோ அளவு பற்றறி சுமக்க வேண்டும். லித்தியம் 25 கிலோவில் முடிந்துவிடும். அந்த 75 கிலோ ஏன் பெரிய விடயம் என்பது கொஞ்சத்தில் தெரியும்.

அதற்கு முன் தாதியாக ஒன்று. அடுப்பும் ஜெனரேற்றரும் சரியாக எரியாதபோது காபன் மொனொக்சைட் வரும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, தலைச்சுற்று, வாந்தி வருவதுபோல் ஒரு உணர்வு என்று சாதாரணக் காய்ச்சல் மாதிரித் தொடங்கும். வானுக்குள் நிற்கும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வந்து, வெளியே போனால் குறைந்தால், அது காய்ச்சல் அல்ல. அடுப்பை நிறுத்தி எல்லோரும் வெளியே வாருங்கள், பிறகு 999. விரலில் மாட்டும் ஒட்சிசன் அளவி 99 காட்டுகிறதே என்று ஆறுதல் கொள்ளக் கூடாது. இரத்தத்தில் ஒட்டியிருப்பது ஒட்சிசனா இந்த வாயுவா என்று அந்தச் சின்னக் கருவிக்குப் பிரித்தறியத் தெரியாது. வானுக்குள் எச்சரிக்கை மணி ஒன்று கட்டாயம் வேண்டும். புரோப்பேன் காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் சிலிண்டர் அறை உள்ளே மூடியும், அடியில் வெளிப்பக்கம் துளையோடும் இருக்க வேண்டும். காஸ் வேலையைக் காஸ் சேஃப் பதிவுள்ளவரிடம் மட்டும் கொடுங்கள். அவருடைய அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி, நடமாடும் சமையல் வாகனங்களுக்கான தகுதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு பொயிலர் திருத்துபவர் எல்லோருக்கும் அது இருக்காது.

இனிப் பாரம். சாதாரண கார் லைசென்ஸில் 3,500 கிலோ மொத்தப் பாரமுள்ள வான் வரை ஓட்டலாம். 1997 ஜனவரி 1-க்கு முன் சோதனை சித்தியடைந்த மாமா, பெரியப்பாவின் லைசென்ஸில் சி1 இருந்தால் 7,500 வரை போகலாம், ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் பெரியப்பா வரவேண்டுமே! 3,500 என்பது வான், சமையலறை, காஸ், தண்ணீர், சாப்பாடு, நீங்கள் எல்லோரும் சேர்ந்த பாரம். கதவோரத்தில் அல்லது எஞ்சின் மூடிக்குக் கீழே ஒட்டியிருக்கும் தகட்டில் இது இருக்கும். பெரும்பாலும் நான்கு எண்கள்: முதலாவது மொத்தப் பாரம், இரண்டாவது இழுவை வண்டியோடு சேர்த்து, மூன்றாவது முன் அச்சு, நான்காவது பின் அச்சு.

எங்கள் வீட்டில் கொத்துக்குப் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன். தரை, சுவர்த்தகடு, குளிர் தடுப்பு 220 கிலோ. துருப்பிடிக்காத மேசைகளும் இரண்டு தொட்டிகளும் 110. கொத்துக்கல்லும் அடுப்பும் 90. புகைக்கூடும் விசிறியும் 45. பிரிட்ஜ் 60. 19 கிலோ காஸ் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது இரும்போடு சேர்த்து 40 வரும், இரண்டுக்கு 80. தண்ணீரும் தாங்கிகளும் 60. பற்றறி, இன்வேட்டர், வயர்கள் 50. தீயணைப்பான், சட்டி, கொத்துத் தகடு போன்றவை 45. இதுவரை 760. ரொட்டி, இறைச்சி, மரக்கறி, சோடா 180, இரண்டு பேர் 150. ஆக 1,090 கிலோ.

அந்த நேரம் மூன்று வான்கள் கண்ணில் பட்டன. விற்பவர் சொன்ன பாரத்தை நம்பாமல், மூன்றையும் டீசல் நிரப்பி, ஓட்டுநர் இறங்கி நிற்க, பொது எடைமேடையில் நிறுத்திப் பார்த்தார்கள். முதலாவது நடுத்தர வான், மொத்தம் 2,900, வெறுமையாக 1,800. மிச்சம் 1,100. கணக்குக்கு மயிரிழையில் சரிவரும், ஆனால் கூரை தாழ்வு. ஐந்து மணித்தியாலம் குனிந்து நின்று கொத்துப் போட்டால் அடுத்த வாரம் முதுகோடு நம் பிரிவுக்குத்தான் வருவார்கள். இரண்டாவது, பின்னால் பெட்டி வைத்து, ஏற்றி இறக்கும் லிஃப்ட் பூட்டிய லூட்டன் வான். விலை குறைவு, உள்ளே ஒரு கூடமே இருந்தது. எல்லோருக்கும் அதில்தான் ஆசை. மேடையில் வெறுமையாகவே 2,600 காட்டியது. மிச்சம் 900, எங்களுக்கு வேண்டியது 1,090. லிஃப்டைக் கழற்றினால் 200 கிலோ வரை குறையும். அப்போதும் கையில் 10 கிலோதான், அதாவது ஒரு பெட்டி சோடா. மூன்றாவது நீளமான உயர்கூரை வான், வெறுமையாக 2,150, மிச்சம் 1,350. எல்லாம் ஏற்றிய பின்னும் 260 கிலோ இடைவெளி. அதைத்தான் வாங்கினார்கள். மூன்றிலும் விலை கூடியது அதுதான்.

பாரம் கூடினால் வீதியில் மறித்து நிறுத்தி அபராதம் போடலாம், பாரத்தைக் குறைக்கும்வரை நகர விடவும் மாட்டார்கள். இறைச்சியோடு நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்பதை யோசித்துப் பாருங்கள். மொத்தம் சரியாக இருந்தும் பின் அச்சு மட்டும் மீறுவது இன்னும் அதிகம் நடக்கும், ஏனென்றால் அடுப்பு, தண்ணீர், காஸ் எல்லாவற்றையும் பின்னால் கொண்டுபோய் வைப்பதுதான் எல்லோருக்கும் வசதி. தண்ணீர்த் தாங்கியையும் பற்றறியையும் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், இரண்டு அச்சுக்கும் நடுவில் வையுங்கள். கொத்துக்கல் ஒரு பக்கச் சுவரில் என்றால் பிரிட்ஜ் மறுபக்கம். பின்பக்கம் தாழ்ந்து, இரவில் எதிரே வருபவர்கள் விளக்கை அடித்துக் காட்டினால், பின் அச்சை நிறுத்துப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

விற்கும் சன்னலை வெட்டுவதற்கு முன் காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றங்களை, காஸ் உட்பட, எழுத்தில் சொல்லுங்கள். சன்னல் நடைபாதைப் பக்கம், அதாவது இடது பக்கம் வரவேண்டும். இங்கே வான்களின் தள்ளு கதவும் பெரும்பாலும் அதே பக்கம்தான், ஆகவே கதவுக்கும் சன்னலுக்கும் நடுவே சட்டத்தின் தூணை வெட்டாமல் இடம் இருக்கிறதா என்று நாடா வைத்து அளந்து பாருங்கள். எல்லாம் பூட்டி முடிந்ததும், முதல் சந்தைக்குப் போகும் காலையில், காஸும் தண்ணீரும் சாப்பாடும் ஆட்களும் ஏறிய பின் அதே எடைமேடைக்கு இன்னொரு முறை போங்கள். முதலில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, பிறகு முழு வானையும் ஏற்றி ஒரு சீட்டு. இரண்டையும் வானுக்குள்ளேயே வைத்திருங்கள்.