இரைச்சலுக்கு நடுவே எந்த மைக்?

சமையல் வீடியோ எடுக்கிறீர்கள். போன் ஒன்றரை மீட்டர் தள்ளி ஸ்டாண்டில் நிற்கிறது, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது. போன் மைக்குக்கு உங்கள் குரலும் ஃபேன் இரைச்சலும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். அதனால் பேச்சு அமுங்கிவிடும். போனைக் கையிலேயே பிடித்துப் பேசினால் அந்த மைக் ஓரளவு போதும்.

ஷாட்கன் மைக் தூரத்துக் குரலை இழுத்து வரும் என்று பலர் நம்புகிறார்கள். அது பக்கவாட்டுச் சத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். டைல்ஸ் ஒட்டிய சிறிய அறையில் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி அதற்குள்ளும் நுழைந்துவிடும். தெருவில் முகத்துக்கு அரை மீட்டரில் பிடித்தால் நன்றாக உழைக்கும். பேசுபவரின் முதுகுப் பக்கம் சாலை இருந்தால் மட்டும் ஹாரனும் சேர்ந்தே வரும்.

வீட்டுக்கு என் தேர்வு கிளிப் மைக். தாடைக்கு ஒரு சாண் கீழே மாட்டுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். ஃபேன் சத்தம் அப்படியே இருக்கும். சங்கிலியும் முந்தானையும் அதில் உரசக் கூடாது. வெளியே காற்றுக்குப் பஞ்சு உறை அவசியம்.

சில கேமரா ஆப்கள், மைக்கைச் செருகிய பிறகும் போன் மைக்கிலேயே பதிவு செய்யும். பதிவின்போது கிளிப் மைக்கை நகத்தால் லேசாகச் சுரண்டிவிட்டு இயர்போனில் கேளுங்கள். அந்தச் சுரண்டல் பெரிதாகக் கேட்கவில்லை என்றால், ஆப் செட்டிங்கில் மைக்கை மாற்றிவிட்டுப் படமெடுங்கள்.