வெள்ளம் வடிந்ததும் முதலில் ஓட வேண்டிய மெஷின் எது?

2015 டிசம்பர் 2. சென்னை வெள்ளத்தில் தத்தளித்துக்கொண்டிருந்த அந்தக் காலையில் ‘தி இந்து’ ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு வரவில்லை. மறைமலை நகரில் உள்ள அச்சகத்துக்குத் தொழிலாளர்கள் வந்து சேர முடியாததால், 1878இல் தொடங்கிய பத்திரிகை முதன்முறையாக இப்படி நின்றது. மெஷின், பேப்பர், மின்சாரம் என்று எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கும் அச்சகத்தைக்கூட, ஆட்கள் வரும் பாதை மூழ்கினால் நிறுத்திவிட முடியும்.

நாளிதழுக்கு நேரக்கெடு சில மணி நேரம்தான். இன்றைய பேப்பரை நாளைக்கு விற்க முடியாது. ஆனால் ஜூன் மாதம் பள்ளிக்குப் போக வேண்டிய பாடநூல் டிசம்பரில் இரண்டு வாரம் தாமதமானால் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு வேலையும் நின்றுபோனால் நஷ்டம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது, எந்த இடத்தில் அது தாங்க முடியாததாகிறது என்று முன்கூட்டியே கணக்குப் பார்த்து வைப்பதற்குத்தான் வணிகப் பாதிப்பு ஆய்வு என்று பெயர். எதனால் நின்றது என்பது இதில் இரண்டாவது கேள்வி. வெள்ளமோ, நான்கு நாள் மின்வெட்டோ, ‘இது நின்றால் என்ன ஆகும்?’ என்பதே முதல் கேள்வி.

சென்னையின் தாழ்வான பகுதியில், தரைத்தளத்தில் இயங்கும் நடுத்தர ஆஃப்செட் அச்சகம் ஒன்றை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். டிசம்பர் முதல் வாரம், செவ்வாய்க்கிழமை காலை. உள்ளே முழங்கால் அளவு தண்ணீர். கையில் ஐந்து வேலைகள்: ஜவுளிக்கடை ஒன்றின் காலண்டர், வியாழன் இரவு பஸ் ஏற வேண்டிய வார இதழ், பத்து நாளில் முகூர்த்தம் உள்ள கல்யாணப் பத்திரிகை, மருந்துக் கம்பெனியின் பெட்டிக்குள் வைக்கும் மடித்த துண்டுச்சீட்டு, அடுத்த கல்வியாண்டுக்கான ஒரு கைடு.

முதலாளியின் மனம் காலண்டர் பக்கம்தான் போகும். பில் தொகை அதில்தான் அதிகம். ஆனால் ஒரு நாள், மூன்று நாள், ஒரு வாரம், இரண்டு வாரம் என்று கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இழப்பு என்று எழுதினால் படம் மாறுகிறது. காலண்டர் புத்தாண்டுக்கு முன் கடைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். ஒரு வாரம் தள்ளினாலும் ஓவர்டைம் போட்டுப் பிடித்துவிடலாம். கல்யாணப் பத்திரிகையோ சிறிய தொகை, ஆனால் சொந்தபந்தங்களுக்குக் கொடுக்க ஒரு வாரமாவது வேண்டும். இரண்டு நாளைத் தாண்டினால் அதற்கு மதிப்பே இல்லை. துண்டுச்சீட்டு மருந்துக் கம்பெனியிடம் நான்கு நாளைக்கு இருக்கிறது. ஐந்தாம் நாள் அவர்களுடைய பேக்கிங் நிற்கும். நஷ்ட ஈடும் கேட்கலாம், ஆர்டரே கைநழுவியும் போகலாம். கைடு மாதக்கணக்கில் காத்திருக்கும்.

வார இதழுக்கு நேரம் செவ்வாய் காலையிலிருந்து வியாழன் இரவு வரை, அதாவது இரண்டரை நாள். இங்கேதான் பலருடைய கணக்கும் தவறுகிறது. அந்த இரண்டரை நாளும் மெஷினைச் சரிசெய்யக் கிடைக்கும் நேரம் அல்ல. பிளேட் எடுப்பது, அச்சடிப்பது, இங்க் காய்வது, மடிப்பது, பின் அடிப்பது, கட்டு கட்டுவது எல்லாம் சேர்ந்து முழுதாக ஒரு நாள் ஆகும் என்றால், புதன் இரவுக்குள் மெஷின் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். மீட்புக்குக் கிடைப்பது ஒன்றரை நாள்தான்.

தண்ணீரில் மூழ்கிய மோட்டாரை அதற்குள் தயார்ப்படுத்த முடியுமா? அதைக் கழற்றி, சுற்றுக்கம்பிகளைச் சூடேற்றி உலர்த்தி, மெக்கர் வைத்து மின்காப்பைச் சோதித்த பிறகே இணைப்புக் கொடுக்க வேண்டும். ‘மேலே காய்ந்துவிட்டதே’ என்று ஸ்விட்சைப் போட்டால் மோட்டார் எரிந்துபோகும். கண்ட்ரோல் பேனலுக்குள் சேறு புகுந்திருந்தால் இன்னும் தாமதம். ஆகவே, இந்த வார இதழை நாலு கலர் மெஷினில் அடிக்க முடியாது என்பதை முதல் நாளே ஒப்புக்கொண்டு, தண்ணீர் புகாத இன்னொரு அச்சகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். அச்சுத் தொழிலில் ஜாப் ஒர்க் கொடுத்து வாங்குவது புதிதல்ல.

ஆனால் அந்த அச்சகத்துக்கு எதைக் கொண்டுபோவது? பிளேட் உதவாது, மெஷினுக்கு மெஷின் அளவு மாறும். பக்கங்களின் இறுதி ஃபைலும், வாடிக்கையாளர் கையெழுத்திட்ட ப்ரூஃபும்தான் தேவை. அவை இருப்பது டிடிபி அறையில், மேசைக்கு அடியில் தரையில் வைத்த கம்ப்யூட்டரில். விலை உயர்ந்த மெஷினை வெளியே வாடகைக்குப் பிடிக்கலாம், இந்த ஃபைலை எங்கும் பிடிக்க முடியாது. எவ்வளவு நேரத்து வேலை தொலைந்தால் தாங்கலாம் என்பதும் ஆய்வில் எழுத வேண்டிய ஒன்று. இதழ் முடிக்கும் நாளில் இரவு ஒருமுறை மட்டும் பேக்கப் எடுத்தால், பகலெல்லாம் செய்த திருத்தம் போய்விடும். அன்று மட்டுமாவது மணிக்கு ஒருமுறை வெளியிடத்தில் ஒரு நகல் சேர வேண்டும்.

துண்டுச்சீட்டின் கதை வேறு. மருந்துக் கம்பெனிகள் தாங்கள் நேரில் பார்த்து ஒப்புதல் கொடுத்த அச்சகங்களில்தான் பேக்கிங் பொருட்களை அடிப்பார்கள். அதைத் தெரிந்த அச்சகம் ஒன்றிடம் நினைத்தபடி தூக்கிக் கொடுத்துவிட முடியாது. பழைய ஃபைலை எடுத்து மருந்தளவு மாறிப்போனால் விபரீதம். எனவே நான்கு நாளுக்குள் இந்த வேலை சொந்த இடத்திலேயே நடந்தாக வேண்டும். மெக்கானிக் வந்ததும் முதலில் கை வைக்க வேண்டியது கோடி ரூபாய் நாலு கலர் மெஷினில் அல்ல. மூலையில் இருக்கும் சின்ன மெஷினிலும், சீட்டை மடிக்கும் மெஷினிலும்தான். அவற்றோடு கட்டிங் மெஷினும் சேரும். எல்லா வேலையும் அதைக் கடந்துதான் போகிறது என்பதால், அவற்றில் எது மிக அவசரமோ அதன் கெடுவே கட்டிங் மெஷினுக்கும் கெடு.

இதே பட்டியல் மின்வெட்டிலும் உதவும். 62.5 கேவிஏ ஜெனரேட்டரில் எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்ட முடியாது. பகலில் பிளேட் அறையும் அதன் ஏசியும், சின்ன மெஷினும் கட்டிங்கும், இரவில் பெரிய மெஷின் மட்டும் என்று பிரித்துக்கொள்ளலாம். நல்ல சுமையில் மணிக்கு 10 லிட்டருக்கு மேல் டீசல் குடிக்கும் என்பதால், நான்கு நாள் ஓட்டுவதற்கான டீசல் எங்கிருந்து வரும், தண்ணீர் தேங்கிய தெருவில் அதை யார் கொண்டுவருவார் என்பதும் கணக்கில் வர வேண்டும். அச்சு ஓடும்போதே கரண்ட் போனால் செய்ய வேண்டியவையும் உண்டு. பிளேட்டில் உடனே கம் பூச வேண்டும், இல்லையேல் அச்சு இல்லாத இடமும் மை பிடிக்கும். மை உறைவதற்குள் ரோலரைக் கையாலேயே சுற்றிக் கழுவ வேண்டும். இது தெரிந்த ஆள் ஒவ்வொரு ஷிப்டிலும் இருக்கிறாரா என்று பார்ப்பதும் ஆய்வின் பகுதிதான்.

துறைத் தலைவர்களை உட்காரவைத்து ‘எது முக்கியம்?’ என்று கேட்டால், பைண்டிங்காரர் பைண்டிங் என்பார், டிசைனர் டிசைன் என்பார். கடைசியில் பட்டியலில் உள்ள எல்லாமே முதலிடத்துக்கு வந்துவிடும். அப்படி வந்தால் ஆய்வு நடக்கவில்லை என்று பொருள். இத்தனை மணி நேரத்தில் இத்தனை ரூபாய், இன்ன வாடிக்கையாளர் என்று பதில் வாங்க வேண்டும். வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, உபகரணங்களை முறைப்படி நிறுத்திவிட்டு மெயின் ஸ்விட்சை அணைத்துப் பார்த்தால், காகிதத்தில் எழுதிய நேரத்துக்கும் உண்மையில் பிடிக்கும் நேரத்துக்கும் உள்ள தூரம் தெரியும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்கிறது. காலண்டர், டைரி அச்சிடும் மும்முரமும் அதே மாதங்களில்தான். சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று புதிய காலண்டர் ஆல்பங்கள் வெளியாகி, ஆர்டர்கள் வரத் தொடங்கிவிடும். அச்சகம் நடத்துபவர்கள் இந்தக் கட்டம் போட்ட தாளை ஆனி மாதத்திலேயே எழுதி முடித்து, ஒரு நகலை அச்சகத்துக்கு வெளியே, மாடியில் உள்ள ஒரு வீட்டில் வைத்துவிட வேண்டும்.