இருபதாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள், பார்ப்பது யார்?

2017 அக்டோபரில் இலங்கையில் ஃபேஸ்புக்கைத் திறந்தவர்கள் ஒரு மாற்றத்தைக் கண்டார்கள். நண்பர்களும் உறவினர்களும் போட்டவை வழக்கமான இடத்திலேயே வந்தன. கடைகள், பத்திரிகைகள், அமைப்புகள் நடத்தும் பக்கங்களின் பதிவுகள் மட்டும் அங்கிருந்து கழன்று ‘எக்ஸ்ப்ளோர்’ என்ற தனிப் பகுதிக்குப் போய்விட்டன. காசு கட்டி விளம்பரமாக்கினால் பழைய இடத்துக்குத் திரும்பலாம். இலங்கையோடு பொலிவியா, கம்போடியா, குவாதமாலா, செர்பியா, ஸ்லோவாக்கியா ஆகிய நாடுகளிலும் இதே சோதனை நடந்தது. ஸ்லோவாக்கியப் பத்திரிகையாளர் ஃபிலிப் ஸ்ட்ருஹாரிக் தன் நாட்டின் 60 பெரிய ஊடகப் பக்கங்களைக் கணக்கெடுத்தார். லைக், கமென்ட், ஷேர் எல்லாம் சேர்த்து முன்பு இருந்ததில் கால் பங்காகச் சுருங்கியிருந்தது.

2018 மார்ச்சில் ஃபேஸ்புக் சோதனையைக் கைவிட்டது. ஃபீடை இரண்டாகப் பிரித்தது மக்களுக்குப் பிடிக்கவில்லை என்றது. ஆனால் அந்த நாடுகளில் ஒரே நாளில் நடந்ததுதான், மற்ற நாடுகளின் வணிகப் பக்கங்களுக்கு ஆண்டுக்கணக்கில் மெல்ல நடந்துகொண்டிருந்தது. காசு கட்டாமல் ஒரு பதிவு எத்தனை பேரைப் போய்ச் சேர்கிறது என்பதை ‘ஆர்கானிக் ரீச்’ என்கிறார்கள். 2012-இல் ஃபேஸ்புக் தானே சொன்ன கணக்குப்படி, ஒரு பக்கத்தின் பதிவை அதன் ரசிகர்களில் சராசரியாக 16 சதவீதம் பேர் பார்த்தார்கள். ஒகில்வி விளம்பர நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட பிராண்டு பக்கங்களை ஆராய்ந்தபோது, 2013 அக்டோபரில் 12 சதவீதமாக இருந்த ரீச் 2014 பிப்ரவரியில் 6 சதவீதமாகிவிட்டது. ஐந்து லட்சம் லைக்குக்கு மேல் வைத்திருந்த பெரிய பக்கங்களுக்கோ 2 சதவீதம்தான்.

ஏன் இப்படி? 2014 ஜூனில் ஃபேஸ்புக்கின் விளம்பரப் பிரிவு அதிகாரி பிரையன் போலண்ட் ஒரு விளக்கம் எழுதினார். ஒருவர் ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் அவருக்குக் காட்டத் தகுந்தவையாகச் சராசரியாக 1,500 பதிவுகள் காத்திருக்கின்றன. அவற்றிலிருந்து சுமார் 300 மட்டும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன என்றார். நண்பர்களும் லைக் செய்த பக்கங்களும் அதிகம் இருப்பவருக்குக் காத்திருப்பவை 15,000 வரை போகுமாம். நண்பர் பட்டியலும் லைக்கும் வருடாவருடம் கூடுகின்றன. ஒருவர் விரலால் தள்ளிப் பார்க்கும் நேரம் அப்படிக் கூடுவதில்லை. எனவே யாராவது வெளியே நிற்க வேண்டும். காசுக்காகத்தான் இப்படிச் செய்கிறீர்களா என்ற கேள்விக்கு அவர் இல்லை என்றே பதில் சொன்னார்.

அந்தப் பதிலை அப்படியே ஏற்பது கொஞ்சம் கஷ்டம். ஃபீடுக்குள் விளம்பரம் வரத் தொடங்கியது 2012 தொடக்கத்தில். அந்த ஆண்டு மே மாதம் நிறுவனம் பங்குச்சந்தைக்கு வந்தது. பக்கம் வைத்திருப்பவர் தன் பதிவைக் காசு கட்டி முன்னே தள்ளும் வசதியும் அதே சமயம்தான் வந்தது. இலவசமாகக் கிடைக்கும் பொருள் குறைந்தால் விலைக்கு விற்பது விற்கும் என்பதைப் புரிந்துகொள்ள யாரும் எம்.பி.ஏ. படிக்க வேண்டியதில்லை. இருந்தாலும் நெரிசலும் பொய்யில்லை. விளம்பரமே விற்காத ஒரு நிறுவனமாக இருந்தாலும் அந்த 1,500-இல் 1,200-ஐ எங்காவது ஒதுக்கித்தான் ஆகவேண்டும்.

எதை ஒதுக்குவது என்பதில்தான் வணிகப் பக்கங்கள் அடிபட்டன. ஒரு பதிவை இந்த நபர் தொடுவாரா, பேசுவாரா, பகிர்வாரா என்று கணினி முன்கூட்டியே ஊகித்து மதிப்பெண் போடுகிறது. 2018 ஜனவரியில் மார்க் ஸக்கர்பெர்க், நண்பர்களுக்கும் குடும்பத்தாருக்கும் இடையிலான உரையாடலுக்கே இனி முன்னுரிமை என்று அறிவித்தார். அப்போது மதிப்பெண் எப்படிப் போடப்பட்டது என்பது 2021-இல் வெளியே கசிந்த உள் ஆவணங்களில் தெரியவந்தது: ஒரு லைக்குக்கு 1, இதயம், சிரிப்பு போன்றவற்றுக்கு 5, நாலு வார்த்தை எழுதிய கமென்ட்டுக்கு 30. பிறகு இந்த எடைகளைப் பலமுறை மாற்றிவிட்டார்கள். ஆனால் ‘இன்று முதல் ஆடித் தள்ளுபடி 30 சதவீதம்’ என்ற போஸ்டருக்குக் கீழே யார் நாலு வரி எழுதப்போகிறார்கள்? ஒரு லைக் விழலாம், அவ்வளவுதான். பேறுகாலம் பற்றியோ பள்ளிக்கூடம் பற்றியோ ஓர் அக்கா போட்ட புலம்பலுக்கு நாற்பது பேர் பதில் சொல்வார்கள். போட்டியே சமமானதில்லை.

இதுவரை சொன்னது பழைய கதை என்று இன்றைய மார்க்கெட்டிங் ஆட்களே சொல்வார்கள். அடுத்து வந்தது இதைவிடப் பெரியது என்பது என் எண்ணம். டிக்டாக், யாரைப் பின்தொடர்கிறோம் என்பதையே பொருட்படுத்தாமல், ‘உனக்கு இது பிடிக்கும்’ என்று ஊகித்துக் காட்டி ஜெயித்தது. 2020 ஜூனில் இந்தியா அதைத் தடை செய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸைக் கொண்டுவந்தது. 2022-இல் ஸக்கர்பெர்க் முதலீட்டாளர்களிடம் பேசும்போது, ஃபேஸ்புக் ஃபீடில் சுமார் 15 சதவீதம், பயனர் பின்தொடராத கணக்குகளிலிருந்து கணினி பரிந்துரைப்பவை என்றார். 2024-இல் அது சுமார் 30 சதவீதம் ஆகியிருந்தது. இன்ஸ்டாகிராமில் பாதிக்கும் மேல் இப்படிப் பரிந்துரைக்கப்படுபவைதான்.

இதன் பொருள், ‘ஃபாலோ’ என்பது பத்திரிகைக்குச் சந்தா கட்டுவது போன்ற ஒன்றாக இனி இல்லை. ஒரு பதிவை உங்களைப் பின்தொடர்பவர் பார்க்காமலே போகலாம். உங்களைத் தெரியாத ஒருவர் பார்க்கலாம். எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்ற எண்ணைப் பெருக்குவதே உத்தியாக வைத்திருந்த கடைகளுக்கு இந்த இடத்தில்தான் கணக்கு உதைக்கிறது.

ஒரு கற்பனைக் கடையை வைத்தே பார்ப்போம். ஈரோட்டில் போர்வை, ஜமக்காளம், துண்டு விற்கும் கடை. பக்கத்தில் 20,000 பேர். மாதம் 20 பதிவுகள். பத்தொன்பது பதிவுகளுக்கு ஆளுக்கு 500 பேர் என்ற அளவில் ரீச். ஒன்று மட்டும் 30,000. முதலாளி சராசரி எடுத்தால் 1,975 வரும், ‘பரவாயில்லையே’ என்று தோன்றும். அந்தச் சராசரி அவருடைய எந்தப் பதிவையும் காட்டவில்லை. பதிவுகளை ரீச் வாரியாக வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதைப் பார்த்தால் 500. அதாவது இரண்டரை சதவீதம். அவருடைய பக்கத்தின் உண்மை நிலவரம் அதுதான். விளம்பரக் காசில் வந்த ரீச்சை முதலிலேயே கழித்துவிட்டுத்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒரே எண்ணாகத் தெரியும்போது பலர் ஏமாந்துபோகிறார்கள்.

இரண்டரை சதவீதத்துக்கு முதலாளியின் பங்கும் உண்டு. மூன்று வருடம் முன்பு ‘லைக் செய்து, ஷேர் செய்து, மூன்று பேரை டேக் செய்தால் ஒரு போர்வை இலவசம்’ என்று போட்டி வைத்து எட்டாயிரம் பேரைச் சேர்த்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். இப்படிக் கெஞ்சி வாங்கும் லைக்கையும் டேக்கையும் கீழே தள்ளப்போவதாக ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்திருந்தது. அதைவிட, போர்வைக்காக வந்த எட்டாயிரம் பேர் அதன்பின் எதையும் தொட்டிருக்க மாட்டார்கள். நெடுநாள் தொடாதவருக்கு அந்தப் பக்கத்தின் பதிவு காட்டத் தகுந்ததாக ஊகிக்கப்படாது. அவர்கள் எண்ணிக்கையில் இருப்பார்கள், அவ்வளவே.

அந்த 30,000-க்கு வருவோம். அது பவானி ஜமக்காளத்தைக் குழித்தறியில் நெய்வதையும், விசைத்தறித் துணியை அதன் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தையும் காட்டிய ஒரு நிமிட ரீல். ஃபேஸ்புக்கின் புள்ளிவிவரப் பகுதியில் பின்தொடர்பவர்கள் எத்தனை, மற்றவர்கள் எத்தனை என்று தனித்தனியே பார்க்கலாம். இதில் 28,500 பேர் வெளியாட்கள். அவர்கள் அதைத் தங்கள் அம்மாவுக்கும் நண்பருக்கும் தனிச் செய்தியாக அனுப்பியதால்தான் அது பரவியது. அடுத்து அதே திரையில் ஊர்களைப் பார்க்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் சென்னையிலும் பெங்களூருவிலும் இருந்தால், கூரியரில் அனுப்பும் ஏற்பாடு இல்லாத கடைக்கு அந்த ரீச் பெருமைக்கு மட்டுமே.

எனவே மாதம் இருபது போஸ்டர் போடுவதைக் குறைத்து, பண்டிகை வாழ்த்துப் படங்களை நிறுத்தி, இன்னொருவருக்கு அனுப்பத் தோன்றும் நான்கைந்து பதிவுகளைச் செய்வது மேல். தினமும் ஏதாவது போட்டாக வேண்டும் என்பது, எல்லாரும் எல்லாவற்றையும் பார்த்த காலத்தின் பழக்கம். வெப்சைட் லிங்க்கை மட்டும் ஒட்டிப் போடுவதிலும் பயன் குறைவு. மெட்டா வெளியிடும் அறிக்கைகளின்படி, அமெரிக்காவில் ஃபீடில் பார்க்கப்படுபவற்றில் 90 சதவீதத்துக்கும் மேல் வெளி லிங்க் இல்லாத பதிவுகள்.

விளம்பரத்துக்குக் காசு ஒதுக்குவதிலும் ஒரு வரிசை உண்டு. எடுபடாத பதிவின்மேல் ‘பூஸ்ட்’ பொத்தானை அழுத்துவது பலருடைய முதல் தவறு. தானாக ஓடிய ரீலைத்தான் எடுக்க வேண்டும். அது மக்களுக்குப் பிடிக்கிறது என்று காசில்லாமலே தெரிந்துவிட்டதே. ஆட்ஸ் மேனேஜருக்குள் போய், லைக் வாங்குவதை நோக்கமாக வைக்காமல் வாட்ஸ்அப்பில் விசாரணை வருவதை நோக்கமாக வைத்து, ஈரோட்டைச் சுற்றி முப்பது கிலோமீட்டருக்குள் மட்டும் காட்டச் சொல்லலாம். நம் முதலாளி 2,000 ரூபாய் செலவழித்து, 40 பேர் விசாரித்து, 6 பேர் வாங்கினார்கள் என்றால் ஒரு வாடிக்கையாளருக்கு 333 ரூபாய். ஒரு விற்பனையில் அவருக்கு நிற்கும் லாபம் 250 என்றால் முதல் விற்பனை நஷ்டம்தான். அந்த ஆறு பேரில் பாதிப் பேர் தீபாவளிக்கு மறுபடி வந்தால் தேறிவிடும். வருவார்களா என்பது, அவர்களை மறுபடி கூப்பிட இவரிடம் வழி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

ஃபேஸ்புக் பக்கம் அந்த வழி ஆகாது என்பதைத்தான் மேலே உள்ள எண்கள் சொல்கின்றன. பில் போடும்போது கேட்டு வாங்கிய போன் நம்பர்கள் ஓரளவு அதைச் செய்யும். அதிலும் வரம்புகள் உண்டு. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான் அடங்குவார்கள். கடை நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். அதற்கு மேல் பெரிய அளவில் அனுப்ப வேண்டுமானால் மெட்டாவுக்கே ஒவ்வொரு செய்திக்கும் கட்டணம். எஸ்.எம்.எஸ். அனுப்புவதானால் டிராய் விதிப்படி கடையின் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் டி.எல்.டி. தளத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். கூகுள் மேப்பில் கடையின் நேரம், போன், புதிய படங்கள் சரியாக இருந்தால், ‘பக்கத்தில் போர்வைக் கடை’ என்று தேடுகிறவர் காசில்லாமலே வருவார். அவர் வாங்கும் எண்ணத்தோடு தேடுகிறவர், ரீல் பார்த்துவிட்டுத் தள்ளிப்போகிறவர் அல்ல.

இவற்றில் எது வேலை செய்கிறது என்பதை எந்த ஆப்பும் முழுதாகக் காட்டாது. ரீலைச் சென்னையில் பார்த்த மகள் ஈரோட்டில் இருக்கும் அம்மாவைக் கடைக்கு அனுப்பியது எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. கல்லாவில் இருப்பவர் ‘எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?’ என்று கேட்டு, பதிலைப் பில்லின் பின்னால் எழுதிவைத்து, மாதக் கடைசியில் எண்ணிப் பார்ப்பதுதான் இப்போதைக்கு இருக்கும் நம்பகமான கணக்கு.