வடைச்சட்டியில் எண்ணெயின் ஆயுள்

காலை ஆறு மணிக்கு டீக்கடை மாஸ்டர் சட்டியில் மூன்று லிட்டர் எண்ணெய் ஊற்றி அடுப்பை மூட்டுகிறார். முதலில் மெதுவடை, பிறகு மசால்வடை. பத்து மணிக்கு அடுப்பு அணைகிறது. எண்ணெய் சட்டியிலேயே கிடக்கிறது. மாலை நான்கு மணிக்கு அதே எண்ணெய் மறுபடி காய்ந்து, வாழைக்காய் பஜ்ஜியும் மிளகாய் பஜ்ஜியும் போடப்படுகின்றன. இரவு கடை சாத்தும்போது அரை லிட்டர் குறைந்திருக்கும். மறுநாள் காலை அந்த அரை லிட்டருக்குப் புது எண்ணெய் ஊற்றி மட்டம் சரிசெய்துவிட்டால், வேலை தொடங்கிவிடும். இந்த எண்ணெயை எத்தனை முறை பயன்படுத்தியிருக்கிறார் என்று கேட்டால் மாஸ்டரால் சொல்ல முடியாது. சட்டி ஒருநாளும் முழுசாகக் காலியானதே இல்லை.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் தன் விழிப்புணர்வுக் குறிப்புகளில், பொரித்த எண்ணெயைத் திரும்பக் காய்ச்சுவதைத் தவிர்க்கச் சொல்கிறது. தவிர்க்க முடியாவிட்டால் மூன்று முறைக்கு மேல் கூடாது என்கிறது. பலருக்கும் மனதில் நிற்பது இந்த ‘மூன்று’தான். ஆனால் ஒரு முறை என்பது எது? வீட்டில் பத்து நிமிடம் அப்பளம் பொரிப்பதும் ஒரு முறைதான். டீக்கடையில் நான்கு மணி நேரம் விடாமல் பஜ்ஜி போடுவதும் ஒரு முறைதான். எண்ணெய்க்கு இரண்டும் ஒன்றல்ல. எத்தனை தடவை அடுப்பில் ஏறியது என்பதைவிட, எவ்வளவு நேரம், எவ்வளவு சூட்டில், எதைப் பொரித்தது என்பதே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு கிளிசரின் தண்டில் மூன்று கொழுப்பு அமிலங்கள் கோத்த அமைப்பு. பொரிக்கும்போது அதைச் சிதைப்பவை மூன்று. முதலாவது தண்ணீர். அரைத்த உளுந்து மாவில் தண்ணீர் நிறைய. சட்டியில் விழுந்ததும் அது ஆவியாகிக் கொப்பளித்து வெளியேறும்போது, கொழுப்பு அமிலங்களைத் தண்டிலிருந்து வெட்டிவிடுகிறது. இப்படிப் பிரிந்த அமிலங்கள் பெருகப் பெருக, எண்ணெய் புகையத் தொடங்கும் சூடு கீழே இறங்குகிறது. இரண்டாவது காற்றில் உள்ள ஆக்சிஜன். வாய் அகன்ற சட்டியில் காற்றுப்படும் பரப்பு அதிகம். அடுப்பு அணைந்த பிறகும் திறந்தே கிடக்கும் எண்ணெயில் இந்த வேலை ஓயாமல் நடக்கிறது. சிக்கு வாடை வருவது இதனால்தான். மூன்றாவது சூடு. உடைந்த துண்டுகள் சூட்டில் ஒன்றோடொன்று பிணைந்து நீண்ட, கனத்த சங்கிலிகளாகின்றன. சட்டியின் விளிம்பில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத பழுப்புப் பிசின் இந்தச் சங்கிலிதான்.

இவற்றோடு அடியில் தங்கும் மாவுத்தூளும் சேர்ந்துகொள்கிறது. பஜ்ஜியிலிருந்து உதிரும் கடலைமாவு கருகிக் கருகி எண்ணெயைக் கறுப்பாக்கும். பொரித்துக் கொண்டிருக்கும்போதே சட்டிக்கு மேல் உப்பு தூவுவதும் கெடுதலை வேகப்படுத்தும். உப்போ மிளகாய்த்தூளோ தூவவேண்டுமானால் பலகாரத்தைத் தட்டுக்கு எடுத்த பிறகு தூவுவது நல்லது.

நிறத்தை மட்டும் வைத்து எண்ணெயைத் தீர்மானிப்பவர்கள் இரண்டு பக்கமும் ஏமாறுவார்கள். மசாலா தடவிய மீனை ஒரே ஒரு முறை பொரித்தாலும் எண்ணெய் சிவந்து கறுத்துவிடும். உள்ளே பெரிய சிதைவு இருக்காது. அப்பளம் மட்டுமே பொரித்த எண்ணெயோ, புகைய விட்டுப் புகைய விட்டுக் காய்ச்சியிருந்தாலும் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும்.

நம்பத் தகுந்த அடையாளம் நுரை. நல்ல எண்ணெயில் வடையைப் போட்டால் பெரிய குமிழிகள் கிளம்பும், சடசடவென உடையும், வடை வேக வேக அடங்கும். கெட்ட எண்ணெயில் பொடிப்பொடியாக வெள்ளை நுரை பொங்கி விளிம்புவரை ஏறும், பலகாரத்தை எடுத்த பிறகும் உடையாமல் நிற்கும். சிதைந்த எண்ணெயில் பிறக்கும் பொருள்களில் சில சோப்பைப் போல நீரோடும் எண்ணெயோடும் ஒட்டும் குணமுள்ளவை. அவைதான் நுரையைப் பிடித்து வைக்கின்றன.

அடுத்தது புகை. வழக்கமான தீயில், மாவு போடுவதற்கு முன்பே நீலம் கலந்த சாம்பல் நிறப் புகை எழுந்தால் அந்த எண்ணெயின் காலம் முடிந்தது. அந்தப் புகையில் கண்ணைக் கரிக்கவைப்பது அக்ரோலின் என்ற பொருள். உண்பவரைவிட, சட்டிக்கு முன்னால் நாள் முழுக்க நிற்கும் மாஸ்டருக்குத்தான் இந்தப் புகை அதிகம். உயர் வெப்பத்தில் பொரிக்கும்போது எழும் புகையைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வைத்திருக்கிறது.

ஜல்லிக்கரண்டியைத் தூக்கிப் பார்ப்பதும் ஒரு சோதனை. புது எண்ணெய் சொட்டுச் சொட்டாக வேகமாக வடியும். கெட்டது கம்பி இழுத்தாற்போல மெல்ல இறங்கும். அந்த எண்ணெயில் வெந்த வடை சீக்கிரம் கறுக்கும், நடுவில் மாவு வேகாமல் இருக்கும், பிய்த்தால் விரலெல்லாம் எண்ணெய். தின்ற பிறகு தொண்டை கரகரக்கும்.

சட்டம் கண்ணையும் மூக்கையும் நம்பிவிடவில்லை. சிதைவில் உண்டாகும் பொருள்கள் அத்தனையையும் சேர்த்து ‘மொத்த போலார் சேர்மங்கள்’ என்கிறார்கள். இவை எண்ணெயில் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்ற விதி, 2018 ஜூலை 1 முதல் இந்தியாவில் நடைமுறையில் இருக்கிறது. அளப்பதற்கு ஒரு கைக்கருவி உண்டு. அதன் முனையைச் சூடான எண்ணெயில் அமிழ்த்தினால் சற்று நேரத்தில் திரையில் சதவீதம் தெரியும். உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் கடைகளில் சோதிக்கும்போது பயன்படுத்துவது இதைத்தான்.

‘மேல் எண்ணெய்’ ஊற்றுவது இந்த இடத்தில் ஒரு வேடிக்கை செய்கிறது. சட்டியில் மூன்று லிட்டர் எண்ணெய் 24 சதவீதத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் ஒரு லிட்டரை எடுத்துவிட்டு, 4 சதவீதம் உள்ள புது எண்ணெய் ஒரு லிட்டர் ஊற்றினால் கணக்குப்படி 17 சதவீதத்துக்குச் சற்று மேலே வந்துவிடும். கருவியைக் காட்டினால் பாஸ். ஆனால் பழைய எண்ணெயில் உள்ள அமிலங்களும் கருகிய தூளும் புது எண்ணெயின் சிதைவையும் முடுக்கிவிடும். புதிதாக மூன்று லிட்டர் ஊற்றியிருந்தால் கிடைத்திருக்கும் ஆயுளில் ஒரு பகுதிகூட இதற்குக் கிடைக்காது. சிப்ஸ் தொழிற்சாலைகளிலும் புது எண்ணெய் சேர்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். அங்கே பலகாரம் உறிஞ்சிப் போகும் எண்ணெய் அதிகம், வந்து சேரும் புது எண்ணெயும் அதிகம்; தூளை உடனுக்குடன் வடிகட்டியும் விடுகிறார்கள். அந்த முறையைத் தேங்கிக் கிடக்கும் டீக்கடைச் சட்டிக்குப் பொருத்திப் பேசுவது சரியல்ல.

வீட்டுச் சமையலறையில் நிலைமை எளிது. தீபாவளிக்கு முறுக்கு சுட்டு முக்கால் லிட்டர் மிஞ்சினால், நன்றாக ஆறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி, ஈரமில்லாத பாத்திரத்தில் மூடி, வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். அதை மறுபடி பொரிக்க எடுக்காமல் தாளிக்கவும் குழம்புக்கும் ஊற்றி ஓரிரு நாளில் தீர்த்துவிடச் சொல்கிறது 2024-இல் வெளியான தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டி. முக்கால் லிட்டரை இரண்டு நாளில் தாளித்தே தீர்க்க எந்தக் குடும்பத்தாலும் ஆகாது. எனவே முதலிலேயே சின்ன, குழிவான வாணலியில் அளவாக எண்ணெய் வைத்து, நான்கு நான்கு முறுக்காகச் சுடுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

எந்த எண்ணெய் என்பதும் கணக்கில் உண்டு. சூரியகாந்தி எண்ணெயில் ஆக்சிஜனுக்கு எளிதில் இடம் கொடுக்கும் கொழுப்பு அதிகம். அது மறு சூட்டை அவ்வளவாகத் தாங்காது. கடலை எண்ணெயும் பாமாயிலும் கூடுதலாகத் தாங்கும். தாங்கும் என்பதாலேயே பாமாயில் உடம்புக்கு நல்லது என்று ஆகிவிடாது. செக்கில் ஆட்டிய எண்ணெய்கள் சுத்திகரித்தவற்றைவிடக் குறைந்த சூட்டிலேயே புகையும். பொரிக்க 170 முதல் 180 டிகிரி போதும். ஒரு சொட்டு மாவு விட்டால் அது அடியில் தங்காமல் உடனே மேலே வரவேண்டும். அதற்கு மேல் தீயைக் கூட்டுவது வீண்.

தீர்ந்துபோன எண்ணெயை என்ன செய்வது? பெரும்பாலான வீடுகளில் அது பாத்திரம் கழுவும் தொட்டி வழியாகப் போகிறது. வெந்நீரும் சோப்பும் விட்டால் கரைந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. தொட்டியைத் தாண்டிக் குழாய் குளிர்ந்ததும் கொழுப்பு மறுபடி பிரிந்து சுவரில் படியும். 2017-இல் லண்டன் வைட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் இப்படிச் சேர்ந்த கொழுப்பும் குப்பையும் சுமார் 250 மீட்டர் நீளத்துக்கு இறுகி, 130 டன் எடையில் அடைத்துக்கொண்டது. அதைப் பெயர்த்தெடுக்க வாரக்கணக்கில் ஆட்கள் இறங்க வேண்டியிருந்தது. செடிக்கு ஊற்றினால் மண்ணில் தண்ணீரும் காற்றும் இறங்க வழியில்லாமல் வேர் மூச்சுத் திணறும். எறும்பும் எலியும் வந்து சேரும்.

ஒன்றிரண்டு கரண்டி எண்ணெய்தான் என்றால் பழைய செய்தித்தாளிலோ மரத்தூளிலோ ஊறவைத்துக் குப்பையில் போட்டுவிடலாம். எண்ணெய் ஊறிய துணிகளை மட்டும் குவித்து வைக்கக்கூடாது. காற்றோடு சேர்ந்து தானே சூடேறித் தீப்பிடித்த சம்பவங்கள் ஓட்டல் சலவையறைகளில் உண்டு.

அதிகமாகச் சேர்கிற இடங்களுக்காகவே ‘ரூகோ’ என்ற திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஆகஸ்டில் தொடங்கியது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கும் எண்ணெய் செலவாகும் ஓட்டல்களும் தொழிற்கூடங்களும், என்ன எண்ணெய், எவ்வளவு எடுத்தது, எவ்வளவு மிஞ்சியது, யாரிடம் கொடுத்தது என்று 2019 மார்ச் 1 முதல் பதிவேடு வைக்கவேண்டும்; அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் மட்டுமே ஒப்படைக்கவேண்டும். பெரிய சமையற்கூடத்தில் கழித்த எண்ணெய் மலிவு விலைக்குச் சின்னக் கடைகளின் சட்டிக்குப் போகும் வழியை அடைப்பதுதான் இந்தப் பதிவேட்டின் நோக்கம். நம் மாஸ்டரின் மூன்று லிட்டருக்குப் பதிவேடு வேண்டாம். 25 சதவீத வரம்பு அவருக்கும் உண்டு.

சேகரித்த எண்ணெயை வடிகட்டி, மெத்தனாலும் காரமும் சேர்த்துச் சூடாக்கினால் பயோடீசலும் கிளிசரினும் தனித்தனியாகப் பிரிகின்றன. வீடுகளுக்கு வந்து ஒரு பாட்டில் எண்ணெயை வாங்கிப்போக யாருக்கும் கட்டுப்படியாகாது என்பதால், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பொதுவாக ஒரு கேன் வைத்துச் சேர்த்து மொத்தமாகக் கொடுப்பதே நடக்கக்கூடிய வழி. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டால் அங்கீகாரம் பெற்றவர்களைத் தெரிந்துகொள்ளலாம். கேனில் ஊற்றுமுன் எண்ணெய் முழுசாக ஆறியிருக்கவேண்டும், தூள் வடிகட்டியிருக்கவேண்டும், முக்கியமாக ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்திருக்கக்கூடாது. தண்ணீர் இருந்தால் காரம் சேர்க்கும்போது பயோடீசலுக்குப் பதில் சோப்புக் கட்டிதான் மிஞ்சும்.